ஆறாவது பதிவும் ஏழாவது பதிவும்

அன்று ரஷ்யாவின் பெர்ம் நகர மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் இருந்தவர்கள்: நான், என் மகள் தைசியா, என் மனைவியின் தம்பி கென்னாடி, மொழிபெயர்ப்பாளர் எல்லா மார்க்கோவ்னா. பின்னால் கதை கட்டியவர்கள் யாரும் அங்கே இல்லை.

கனடாவுக்குக் குடியேற தைசியா விண்ணப்பித்திருந்தாள். அதற்காக, வேலையில் சேர்ந்தது, நீங்கியது எல்லாம் வரிசையாகப் பதிவாகும் அவளுடைய வேலைப் புத்தகம் ஆங்கிலத்தில் வேண்டியிருந்தது. எல்லா மார்க்கோவ்னா ஒவ்வொரு பதிவாகப் படித்துத் தட்டச்சு செய்துகொண்டே வந்தார். ஆறாவதில் கை நின்றது.

"வேலைக்கு வராததால் பணிநீக்கம்னு இருக்கு. தொழிலாளர் சட்டம் எண்பத்தொண்ணாம் பிரிவு."

கென்னாடி உடனே எழுந்தான். "அதை விட்டுடுங்க. அடுத்த பதிவுலதான் ஆறாவது செல்லாதுன்னு போட்டிருக்கே. செல்லாததை எதுக்கு மொழிபெயர்க்கணும்?"

"முழுமையா இருக்குன்னு நான்தான் கையெழுத்துப் போடறேன். நோட்டரி இதைப் புத்தகத்தோட நகலோட சேர்த்துத் தைப்பாரு. ஒரு வரி குறைஞ்சாலும் யார் பார்த்தாலும் கண்டுபிடிச்சிடுவாங்க."

"அப்போ புதுப் புத்தகம் வாங்கலாம். செல்லாத பதிவு இல்லாம அவ வேலை பார்க்கிற தொழிற்சாலையே தரணும்னு சட்டமே சொல்லுது. மச்சான், நீங்க சொல்லுங்க. கனடாக்காரன் 'பணிநீக்கம்'கிற வார்த்தையைப் பார்த்தான்னா அங்கேயே மூடி வெச்சிடுவான்."

தைசியா என்னைப் பார்த்தாள். இந்த விண்ணப்பத்துக்காகவே ஆங்கிலத் தேர்வை இரண்டு முறை எழுதியவள்.

அவள் செய்த குற்றம் இதுதான்: ரத்த தானம் செய்தாள். தானம் செய்தவருக்குச் சட்டப்படி ஒரு நாள் ஓய்வு உண்டு. கேட்டதற்கு அதிகாரி மறுத்தார். அவள் சான்றிதழைக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தாள். அதற்குத்தான் அந்தப் பதிவு. வழக்குப் போட்டாள், வென்றாள், அதே மேசைக்குத் திரும்பப் போய் உட்கார்ந்தாள்.

"முடிவு உன்னுது, தாஸ்யா," என்றேன். "ஆனா நம்ம வீட்டுல யாரும் ஜெயிச்சதை ஒளிச்சு வெச்சதில்லை."

அவள் கென்னாடியிடம் திரும்பினாள். "புதுப் புத்தகத்துல மேலேயே மறுபிரதின்னு எழுதியிருக்கும், மாமா. பழசு என்னாச்சுன்னு கேப்பாங்க. தொலைச்சிட்டேன்னு சொல்லவா? நான் எதையும் தொலைக்கல."

"பிடிவாதம், அப்படியே அப்பா மாதிரி!"

"வேற யார் மாதிரி இருக்கணும், உங்களை மாதிரியா?"

எல்லா மார்க்கோவ்னா சிரிப்பை அடக்கிக்கொண்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"எழுதுங்க," என்றாள் தைசியா. "சட்டப் பிரிவு, உத்தரவு எண், முத்திரையில இருக்கிற எழுத்து, எதையும் விடாதீங்க. மென்மையாவும் ஆக்காதீங்க."

"தீர்ப்பையும் மொழிபெயர்த்து இணைச்சா நல்லது."

"கொண்டு வந்திருக்கேன்."

பையிலிருந்து அவள் அதை எடுத்து மேசையில் வைத்தபோது கென்னாடி தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். பனியில் நின்று புகைத்துவிட்டு, கடைசியில் எங்களுக்கு வாடகைக்கார் பிடித்ததும் அவன்தான்.

ஆறாவது பதிவைப் பார்த்ததும் கனடா அவளை நிராகரித்துவிட்டதாக எங்கள் கட்டடத்தில் பேசிக்கொள்கிறார்கள். பொய். ஏப்ரலில் அனுமதி வந்தது. இரண்டு பதிவுகளோடும்.