குரல் தேவைப்படும் வேலைகள்

முதலாளி பெங் எனக்கு அனுப்பிய பட்டியலில் பத்தொன்பது வரிகள் இருந்தன. ஒரு வரிக்கும் தேதி கிடையாது. எது எவ்வளவு நேரம் பிடிக்கும் என்ற குறிப்பும் கிடையாது. எங்கோ துண்டு துண்டாக எழுதி வைத்திருந்ததை அப்படியே வெட்டி என் கைபேசியில் ஒட்டிவிட்டு, "யூலான், இதை ஒழுங்கு பண்ணிடு" என்று ஒரு வரி கீழே போட்டிருந்தார். பதினெட்டு வருடமாக லூகாங் ஊரில் அவருடைய தண்ணீர்க் குழாய்த் தொழிற்சாலையில் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். மனிதருக்கு உலகத்தில் எல்லா வேலையும் அரை மணி நேர வேலை. செய்கிறவளுக்குத்தானே தெரியும்.

அது ஒரு வியாழக்கிழமை. நான் முதலில் கேட்டது, எல்லாம் எப்போதைக்குள் முடிய வேண்டும் என்பது. தொண்டையில் சின்ன அறுவைச் சிகிச்சை, இன்னும் பதினெட்டு நாளில், ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருப்பேன் என்றார். ஏற்கெனவே அவர் குரல் உடைந்துதான் இருந்தது. புகையிலையும், சாணை பிடிக்கிற இடத்தில் நின்று முப்பது வருடம் கத்தியதும் சேர்ந்து செய்த காரியம் என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். நானும் மேலே கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

பட்டியலைத் தாளில் எழுதி ஒவ்வொரு வரியாகப் பிரித்தேன். "ஜப்பான் மாதிரி" என்று ஒரு வரி. ஜப்பானுக்கு அனுப்ப வேண்டிய மாதிரிக் குழாய்கள், அதற்குள் நாலு வேலை ஒளிந்திருந்தது. வார்ப்பு, முலாம், கசிவுச் சோதனை, பொதி கட்டுவது. முலாம் பூச அனுப்ப நமக்கு அரை மணி நேரம்தான், ஆனால் அவர்கள் திருப்பித் தர ஐந்து நாள் ஆகும். அதனால் முதல் நாளே வார்த்து உடனே அனுப்ப வேண்டும். "படையல் சாமான்" என்ற வரிக்குத் தேதி இல்லை என்று சொன்னால் சாமி கும்பிடுகிற யாரும் சிரிப்பார்கள். ஏழாம் மாதம் செத்தவர்கள் திரும்பி வருகிற பேய் மாதம், அதன் பௌர்ணமிக்குத் தொழிற்சாலை வாசலில் படையல் மேசை போட்டாக வேண்டும், அது அந்த மாதத்து ஆவிகளே குறித்து வைத்த தேதி. வங்கியில் அவரே நேரில் வந்து முத்திரை குத்த வேண்டும். வரி அலுவலகம் அதே தெருவில். இரண்டையும் ஒரே காலையில் சேர்த்தேன். அவர் அரை மணி என்று சொல்கிற இடத்தில் எல்லாம் இரண்டு மணி போட்டேன். கடைசியில் ஒரு முழு நாளைச் சும்மா விட்டேன், எது தவறினாலும் அதில் போய் விழட்டும் என்று.

மிச்சம் இருந்தவை ஆறு தொலைபேசி அழைப்புகள். நாலு வாடிக்கையாளர்கள். ஹெமே ஊரில் வார்ப்பு அச்சு செய்கிற கிழவர் ஒருவர், அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பதினாறாவது வரியில், "யாவென் - போன்".

யாவென் அவருடைய ஒரே மகள். டொரண்டோவில் இருக்கிறாள். ஐந்து வருடமாக அப்பாவும் பெண்ணும் பேசுவதில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கையும் காலும் வேண்டிய வேலைகளை எல்லாம் அறுவைச் சிகிச்சைக்கு முன்னால் வைத்தேன். போன் மட்டும் போதும் என்கிற ஆறையும் பின்னால் தள்ளினேன். படுக்கையில் படுத்துக்கொண்டே பேசலாமே, பொழுதும் போகும் என்று கணக்கு. அட்டவணை போடுகிற யாரும் அப்படித்தான் போடுவார்கள். எனக்கு என் மேலேயே ஒரு மெச்சல்.

முதலாளி அந்தத் தாளை வெகு நேரம் பார்த்தார். பதினாறாவது வரி இருந்த இடத்தில் அவர் விரல் நின்றதை நான் பார்த்தேன். பிறகு, "நல்லா இருக்கு" என்றார். அவ்வளவுதான். அவர் முகத்தில் இருந்தது நிம்மதி என்று இப்போது எனக்குத் தெரிகிறது.

பதினோரு நாள் அட்டவணை பிசகாமல் ஓடியது. முலாம் நாலே நாளில் வந்தது. படையல் நடந்தது, ஆவிகளுக்குக் காகிதப் பணம் எரித்தோம். வங்கியில் மட்டும் மூன்று மணி நேரம் பிடித்தது. பன்னிரண்டு வரிகளை அடித்தாயிற்று.

திங்கட்கிழமை மதியம் மூன்று மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் கூப்பிட்டாள். அவசரத் தொடர்புக்கு முதலாளி என் எண்ணைத்தான் கொடுத்திருந்தார். வரிசையில் முன்னால் இருந்த ஒருவர் பேய் மாதத்தில் உடம்பில் கத்தி படக்கூடாது என்று பின்வாங்கிவிட்டாராம். இடம் காலியாகிவிட்டது. நாளை மதியம் இரண்டு மணிக்கு வந்து சேர வேண்டும், புதன் காலையில் அறுவைச் சிகிச்சை. கட்டி வளர்ந்திருக்கிற வேகத்துக்குத் தள்ளிப்போடாமல் இருப்பதே நல்லது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

பிறகு கொண்டுவர வேண்டிய சாமான்களைச் சொல்லிக்கொண்டே போனாள். முன்பக்கம் திறக்கிற சட்டை இரண்டு, துண்டு, செருப்பு, எழுதி அழிக்கிற சின்னப் பலகை ஒன்று, பேனா. பலகை எதற்கு என்று கேட்டேன்.

"அவருக்குக் குரல்பெட்டி முழுசா எடுக்கறாங்கக்கா. அப்புறம் எழுதித்தானே காட்டணும்." எனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. குரலைத் தாழ்த்தினாள். "வேற வழியில சத்தம் வரவழைக்க பின்னாடி பழகிக்கலாம். சொந்தக் குரல் வராது."

நான் போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். என் அட்டவணை மேசையில் கிடந்தது. குரல் வேண்டிய ஒவ்வொரு வேலையையும் குரல் போன பிறகு செய்வதாக வரிசையாக எழுதி வைத்திருந்தேன், என் கையெழுத்தில்.

முதலாளி அறைக்குப் போனேன். அவர் சோதனைக்கு வந்த தண்ணீர்க் குழாய் ஒன்றைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் ஆள்கள் பயப்படுவார்கள், ஆர்டர் போய்விடும் என்று என்னென்னவோ சொன்னார். பாதி வார்த்தை காற்றாகத்தான் வந்தது. பத்து நிமிடம் தொடர்ந்து பேசினால் அடைத்துக்கொள்கிறது, தூங்கி எழுந்தால் காலையில் கொஞ்சம் தெளிவாக இருக்கிறது என்று அப்போதுதான் சொன்னார்.

அங்கேயே நின்றபடி புதுத் தாள் எடுத்தேன். இனி மணிக்கணக்கு முக்கியமில்லை. எது அவர் குரல் இல்லாமல் நடக்காது என்பது ஒன்றுதான் கேள்வி. நாலு வாடிக்கையாளருக்கும் நான் கடிதம் எழுதிவிடுவேன், அவர் கையெழுத்துப் போட்டால் போதும். மாதிரியைப் பொதி கட்ட அவர் தேவையில்லை. மற்ற எல்லாவற்றையும் அடித்துவிட்டால் இரண்டு மிஞ்சியது. அச்சுக்காரக் கிழவர், யாவென்.

"கிழவரை முதல்ல போடு" என்றார். "அளவு மாறினா அச்சு பாழு."

"அளவை நான் நேர்ல போய்ச் சொல்றேன். யாவென் கிட்ட நான் போய்ச் சொல்ல முடியுமா?"

"அவ எடுக்க மாட்டா. பதினஞ்சு நிமிஷம் வீண்."

"நாளைக்குக் காலையில எட்டு மணி. அங்க ராத்திரி எட்டு, வேலை முடிஞ்சு வீட்டுல இருப்பா. அதுவரைக்கும் நீங்க ஒரு வார்த்தை பேசக்கூடாது முதலாளி, என்கிட்டயும். ஏதாவதுன்னா தலையாட்டுங்க."

அவர் தலையாட்டவில்லை. "அன்னைக்கும் நீதானே அட்டவணை போட்டுக் குடுத்தே" என்றார்.

அதைச் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் உண்மை. ஐந்து வருடத்துக்கு முன்னால் அவருடைய மனைவி ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தார். யாவெனுக்கு அப்போது டொரண்டோவில் தொழில் உரிமத் தேர்வு. படிப்பு கெடும், சொல்ல வேண்டாம் என்றார் முதலாளி. தேர்வு முடிகிற நாளைக் கணக்குப் பார்த்து, அதற்கு மறுநாள் அவளுக்குச் சொல்வது என்று தாளில் எழுதிக் கொடுத்தவள் நான். அவள் அம்மா அதுவரை இருக்கவில்லை. யாவென் வந்து இறங்கியபோது கையில் கொடுக்கச் சாம்பல்தான் இருந்தது. அதற்குப் பிறகு அவள் அப்பாவிடம் பேசவில்லை. என்னிடமும்தான்.

"ஆமா, நான்தான் போட்டேன். அதனாலதான் இப்ப விட மாட்டேன்" என்றேன்.

மறுநாள் ஏழே முக்காலுக்கு அவர் வந்தார். வெந்நீர் குடித்தார். பேசவில்லை, சொன்னபடியே இருந்தார். எட்டு மணிக்கு நான் எண்ணைப் போட்டு, இருவருக்கும் கேட்கும்படி போனை மேசையில் வைத்தேன். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டேன். எடுத்தாள்.

"யாவென்" என்றார்.

"யாரு பேசறது?"

அவர் என்னைப் பார்த்தார். அவர் குரல் எப்படி ஆகிவிட்டது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? நான் குனிந்து, "யூலான் பேசறேம்மா. பேசினது உங்க அப்பா. புதன்கிழமை குரல்பெட்டியை எடுக்கறாங்க. இனிமே பேச முடியாது" என்றேன். மறைக்கிற வழக்கம் என்னோடு போகட்டும் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

நான் போன் பக்கம் காதைச் சாய்த்தேன். அழுகிறாளோ, வைத்துவிட்டாளோ தெரியவில்லை. பிறகு அவள் கேட்டாள். உடம்பு எப்படி என்று கேட்கவில்லை, ஏன் சொல்லவில்லை என்றும் கேட்கவில்லை.

"அந்த ஒன்பது நாளும் அம்மா என்ன பண்ணாங்க? எனக்கு யாருமே சொல்லல. ஒவ்வொரு நாளா சொல்லுங்கப்பா."

அவர் சொன்னார். முதல் நாள் அரிசிக் கஞ்சி குடித்தது, பக்கத்துப் படுக்கைக்காரியோடு சீட்டு விளையாடியது. இரண்டாம் நாள் ஜன்னல் பக்கம் படுக்கையை மாற்றச் சொன்னது. இதை எல்லாம் அவர் எங்களிடம் ஒருபோதும் சொன்னதில்லை. ஒவ்வொரு நாளையும் மணிக்கணக்கோடு நினைவில் வைத்திருந்தார். மூன்றாம் நாள், நாலாம் நாள். குரல் கரகரத்தது. நிறுத்தி வெந்நீர் குடித்துவிட்டு மறுபடி தொடங்கினார்.

நான் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன், மனதுக்குள் கணக்கு ஓடியது, நிறுத்த முடியவில்லை. பட்டியல் என் கைக்கு வந்த மறுநாளே தொடங்கியிருந்தால் பதினோரு காலைகள் இருந்தன. தினம் பத்து நிமிடம், தினம் அந்த ஒன்பதில் ஒரு நாள் என்று சொல்லி முடித்திருப்பார். அதற்குப் பிறகும் இரண்டு காலை மீந்திருக்கும்.

ஏழாம் நாளில் குரல் நின்றுவிட்டது. யாவெனின் அம்மா அன்று எதையோ கேட்டார் என்பது வரை வந்தது, அதற்கப்புறம் வெறும் காற்று. அவர் வெந்நீர் குடித்துப் பார்த்தார், தொண்டையைப் பிடித்துப் பார்த்தார். நான் பேனாவை நீட்டினேன். கையைத் தட்டிவிட்டார். போன் பக்கம் குனிந்து உதடுகளை அசைத்துக்கொண்டே இருந்தார்.

"கேக்குதுப்பா" என்றாள் யாவென். "சொல்லுங்க."

அவளுக்கு ஒன்றும் கேட்டிருக்காது. எதிரே உட்கார்ந்திருந்த எனக்கே கேட்கவில்லை. அவர் ஒன்பதாம் நாள் வரைக்கும் சொல்லி முடித்தார்.