ஆயில் சொன்ன சாட்சி

என்ஜின் ஆயில் என்றால் ஓட ஓடக் குறையும், இல்லை அப்படியே இருக்கும். என் அப்பா வண்டியில் அது ஏறியது.

ஞாயிற்றுக்கிழமை காலை என் மெக்கானிக் ஷெட்டுக்கு வந்தவர் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, ஏதோ பரிசு வாங்கின வண்டி மாதிரி நின்றார். "பாரும்மா, ஆறு மாசம் ஆச்சு, ஒரு சொட்டு குறையல. இன்னும் சொல்லப்போனா கூடியிருக்கு. ராசியான வண்டி!"

ஆயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தேன். ஃபுல் கோட்டுக்கு மேல் ஒரு விரற்கடை. ஆயில் தண்ணியாக வழிந்தது. மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனதும் பெட்ரோல் பங்க்கில் நிற்கிற மாதிரி இருந்தது. எனக்கு மூக்கில் வேர்த்துவிட்டது.

கொஞ்சம் பின்கதை சொல்ல வேண்டும். ஏழு மாதத்துக்கு முன்னால் அப்பாவின் இதயத்தில் இரண்டு இடத்தில் அடைப்பெடுத்தார்கள். தினமும் ஒரு மணி நேரம் சமதளத்தில் நடந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி இதே படுக்கைதான் என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொன்னார். எங்கள் தெரு முழுக்க மேடும் பள்ளமும். சமதளமான நடைபாதை ஏரிப் பூங்காவில்தான் இருக்கிறது. வீட்டிலிருந்து பதினாலு கிலோமீட்டர். அதற்காகவே என் பழைய காரை அவருக்குக் கொடுத்தேன். அதில் ஓடிய தூரம் காட்டும் மீட்டர் எப்போதோ செத்துப்போனது. ஊரார் வண்டிக்கெல்லாம் மாற்றுவேன், சொந்த வண்டிக்கு மாற்ற எனக்கு நேரம் வந்ததில்லை. பெட்ரோல் அவர் பென்ஷனில் அவரே போடுவது, நான் கேட்டதில்லை. தினமும் ஆறு மணிக்குக் கிளம்புவார், எட்டு மணிக்கு ஷூவில் சேறும் சட்டையில் ஈரமுமாகத் திரும்புவார். அம்மா மனசு குளிர்ந்து மோர் கொடுப்பாள்.

"அப்பா, நேத்து எங்க போனீங்க?"

"பூங்காவுக்கு. வேற எங்க?"

"எத்தனை ரவுண்டு?"

"நாலு." வாய் கூசாமல் சொன்னார்.

அவரை ஸ்டூலில் உட்கார வைத்து விளக்கினேன். குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் பண்ணினால் அதற்குக் கூடுதல் பெட்ரோல் வேண்டும். அதில் எரியாத கொஞ்சம் பிஸ்டன் ரிங் வழியாகக் கீழே இறங்கி ஆயிலோடு கலக்கும். வண்டி நல்ல தூரம் ஓடி ஆயில் சூடேறினால் அந்தப் பெட்ரோல் ஆவியாகி, குழாய் வழியாகத் திரும்ப என்ஜினுக்கே போய் எரிந்துவிடும். பக்கத்திலேயே போய்ப் பக்கத்திலேயே நிறுத்துகிற வண்டியில் அது ஆவியாக நேரமே இருக்காது. கலந்தது கலந்தபடி கிடக்கும், ஆயில் மட்டம் ஏறும்.

"தினம் இருபத்தெட்டு கிலோமீட்டர் ஓடுற வண்டிக்கு இப்படி ஆகாதுப்பா. இது தெருமுனையத் தாண்டாத வண்டி."

என்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஒழுகினாலும் இதே கதைதான் நடக்கும். வேறு யார் வண்டியாக இருந்தாலும் அதைத்தான் முதலில் பார்த்திருப்பேன். ஆனால் இது என் அப்பா. சின்ன வயசிலிருந்து நான் பார்த்துவருகிற அந்தத் திருட்டு முழி, ஸ்டூலில் உட்கார்ந்து முழித்துக்கொண்டிருந்தது.

"பெத்த அப்பனை நம்பாம ஆயிலை நம்புறியா?"

"ஆயிலுக்கு என்கிட்ட பொய் சொல்லி என்ன ஆகப்போவுது?"

பழைய ஆயிலை இறக்கினேன். புது ஃபில்டர் போட்டு, புது ஆயில் சரியாக ஃபுல் கோடு வரைக்கும் ஊற்றினேன். பத்து நாள் கெடு. மட்டம் அப்படியே இருந்தால் நான் அவரிடம் மன்னிப்புக் கேட்பேன். ஏறியிருந்தால் சாவி என்னிடம் வரும், தினமும் அம்மா அவரைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போவாள். அம்மாவோடு பஸ்ஸில் போவது என்பது என்ன என்று அப்பாவுக்குத் தெரியும். அவர் முகம் சுருங்கிப்போனது.

பத்தாம் நாள் வந்தார். ஷெட் வாசலில் வண்டி விக்கி விக்கி நின்றது. அம்மாவும் கூடவே இறங்கினாள். தீர்ப்பு நாள் என்று அவளிடம் நான்தான் சொல்லியிருந்தேன்.

டிப்ஸ்டிக்கை எடுத்தேன். கோட்டுக்கு மேல் அரை விரல். அதே வாடை.

"இருக்கவே இருக்காது!" என்று அப்பா கத்தினார். அதில் பொய் இல்லை. உண்மையிலேயே அவருக்குத் தூக்கிவாரிப் போட்டிருந்தது. அதுதான் எனக்கு உறுத்தியது. குற்றம் செய்தவர் ஏன் இவ்வளவு ஆச்சரியப்படுகிறார்?

வண்டியை எடுத்துக்கொண்டு பக்கத்து மேம்பாலத்தில் ஏறினேன். ஆக்சிலேட்டரை மிதித்ததும் என்ஜினுக்குள் யாரோ சில்லறையைக் குலுக்குகிற சத்தம். பத்து நாளைக்கு முன்னால் இந்தச் சத்தம் கிடையாது. திரும்பி வந்து நேராகப் பின் சந்துக்குப் போன் போட்டேன். அங்கே ஒருத்தன் இருக்கிறான். கம்ப்யூட்டரைச் சொருகி வண்டிகளின் பெட்ரோல் அளவை மாற்றித் தருவது அவன் தொழில். 'லேப்டாப்' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம்.

"எங்கப்பா வண்டியைத் தொட்டியா?"

"அக்கா... அவருதான் பெட்ரோலைக் குறைச்சு லீனா வைன்னாரு. ஸ்டார்ட் பண்ணும்போது போற எக்ஸ்ட்ராவையும் குறைக்கச் சொன்னாரு. உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கினாரு."

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அம்மா அப்பாவைப் பார்த்தாள். நான் ஆயிலைப் பற்றி எடுத்த பாடத்தை மனுஷர் எவ்வளவு கவனமாகக் கேட்டிருக்கிறார்! கூடுதல் பெட்ரோல் போனால்தானே ஆயிலில் கலக்கும், போகவே விடாமல் செய்துவிட்டால்? ஸ்கூலில் இப்படிப் படித்திருந்தால் எங்கேயோ போயிருப்பார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "லீனா ஓட்டிப் பாலத்துல ஏறினா என்ஜின் சூடாகித் தட்டும்ப்பா! பிஸ்டன் ஓட்டையாகும், வால்வு கருகும்! ஒரு பொய்யை மறைக்க முழு என்ஜினையே காவு குடுக்கப் பாத்தீங்களா?"

அவ்வளவுதான், அப்பா உடைந்துவிட்டார். எல்லாவற்றையும் கொட்டினார். ஆறு மாதமாகத் தெருமுனை பேக்கரிதான். அங்கே ஓரமாக வண்டியை நிறுத்துவார். டீ, கிரீம் பன், நாலு சிநேகிதர்கள், பேப்பர். ஏழே முக்காலுக்குப் பேக்கரிக்குப் பின்னால் இருக்கும் குழாயடியில் ஷூவைச் சேற்றில் தோய்ப்பார். சட்டையில் தண்ணீர் தெளித்துக்கொள்வார்.

"ஏன்ப்பா?"

"அங்க நாய் தொல்லை" என்று பூசி மெழுகினார்.

அம்மா ஆறு மாதமாகக் கொடுத்த மோரை மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன்.

லேப்டாப் ஓடி வந்து பழைய அளவைத் திரும்ப ஏற்றிவிட்டு, என் கண்ணில் படாமல் நழுவினான். என்ன சேதம் ஆகியிருக்கிறது என்று பார்க்க நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றினேன். ஒன்று, இரண்டு, நாலு வெளுத்துப்போயிருந்தன. லீனாக ஓடினால் அப்படித்தான் ஆகும். நல்ல வேளை, எதுவும் உருகவில்லை. மூன்றாவது மட்டும் கரி பூசின மாதிரி கறுப்பு, பெட்ரோலில் நனைந்து கிடந்தது.

ஒரே வண்டியில் மூன்று வெள்ளை, ஒன்று கறுப்பா?

இன்ஜெக்டர்கள் நாலையும் அவை சொருகியிருக்கும் குழாயோடு சேர்த்து வெளியே தூக்கினேன். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு கண்ணாடித் தம்ளர். பேட்டரியைத் தள்ளி வைத்து, தீயணைப்பானைப் பக்கத்தில் எடுத்துக்கொண்டு, என்ஜினைச் சுற்றாமல் பம்ப்பை மட்டும் ஓட விட்டேன். யாரும் திறக்கச் சொல்லாதபோது இன்ஜெக்டர் மூடியிருக்க வேண்டும். மூன்று மூடியிருந்தன. மூன்றாவது சிலிண்டருக்கான இன்ஜெக்டரின் நுனியில் மட்டும் ஒரு துளி திரண்டது, விழுந்தது, அடுத்தது திரண்டது. பம்ப்பை நிறுத்தின பிறகும் குழாயில் தங்கியிருந்த அழுத்தத்தில் கொஞ்ச நேரம் சொட்டிக்கொண்டே இருந்தது.

ஆக, வண்டியை அணைத்த பிறகும் மூன்றாவது சிலிண்டருக்குப் பெட்ரோல் இறங்கி, அங்கிருந்து ஆயிலுக்குப் போயிருக்கிறது. லேப்டாப் எவ்வளவு குறைத்தாலும் பிரயோசனம் இல்லை. தானாக ஒழுகுவதை எந்தக் கம்ப்யூட்டரும் நிறுத்த முடியாது.

அப்பா மெல்ல ஸ்டூலிலிருந்து எழுந்தார். "இரு இரு. அப்படின்னா நான் தினம் பூங்காவுக்குப் போயிருந்தாலும் ஆயில் ஏறியிருக்குமா?"

"...ஏறியிருக்கும்."

"இந்தப் பத்து நாளும் நான் சுத்திச் சுத்தி இருபது கிலோமீட்டர் வெறுமனே ஓட்டிட்டுத்தான்டி பேக்கரிக்குப் போனேன்! அப்பவும் ஏறிடுச்சேன்னு பயந்துதான் எல்லாத்தையும் ஒத்துக்கிட்டேன்!" நெற்றியில் அடித்துக்கொண்டார். "நீ மெக்கானிக்கா போலீஸா? வண்டியைப் பாக்காம என்னைப் பாத்திருக்க!"

எனக்கு அசடு வழிந்தது.

அம்மாதான் வாயைத் திறந்தாள். "ஆயில் பொய் சொல்லுச்சுன்னே வச்சுக்குவோம். நீங்க ஒத்துக்கிட்டது நிஜம்தானே? வாயை மூடிட்டு உக்காருங்க."

உட்கார்ந்தார்.

புது இன்ஜெக்டர் போட்டேன். ஆயிலை மறுபடி மாற்றினேன். அம்மாவைப் பஸ்ஸுக்கு அனுப்ப மனசு வரவில்லை. தப்பு என் பேரிலும் இருக்கிறதே. மறுநாள் காலை நானே அவரைக் கூட்டிக்கொண்டு ஏரிப் பூங்காவுக்குப் போனேன். நாய் ஒன்றுகூட இல்லை. நல்ல அகலமான பாதை, காற்று, மரம். ஆள்தான் இல்லை.

முதல் ரவுண்டு பாதி போவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. நாள் முழுக்க வண்டிக்கு அடியில் படுத்துக் கிடக்கிற உடம்பு, நடக்க எங்கே பழகியிருக்கும்? தண்ணிக்குப் பக்கத்தில் இருந்த பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். அப்பா கேலி பண்ணப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"முத நாள் நானும் இங்கதான் உக்காந்தேன்" என்றார். "நெஞ்சு படபடன்னு அடிச்சுது. சுத்திப் பாத்தா ஒரு ஆளு இல்ல. இங்க விழுந்தா யாருக்கும்மா தெரியும்? பேக்கரில நாலு பேராவது தூக்குவானுங்க."

ஆறு மாதம். டிப்ஸ்டிக்கை முகர்ந்தேன், பாலத்தில் ஏற்றினேன், பிளக்கைக் கழற்றினேன். ஏன் பயமாக இருக்கிறதா என்று இவரிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே. வெட்கமாக இருந்தது.

"மொதல்லயே சொல்லியிருக்கலாம்லப்பா."

"சொன்னா கூட வருவேன்னு நிப்ப. ஷெட்டை யாரு பாக்குறது?"

"ஷெட் எட்டரைக்குத் தெறக்கும். தெறக்கலைன்னா வண்டி விட்டவனுங்க காத்திருப்பானுங்க."

அவர் எழுந்து, எனக்குக் கை நீட்டினார்.

"சரி, எந்திரி. நீ விழுந்தா நான் இருக்கேன். இன்னும் மூணரை ரவுண்டு இருக்கு."