திறந்து வைத்த போர்ட்

சுதாகரனுக்கு உதயரூபன்மேல் வயிற்றெரிச்சல். இதை மூடி மறைக்க ஒன்றுமில்லை, வவுணதீவில் கரண்ட் வேலை தெரிந்த எல்லாருக்கும் தெரிந்த விசயம். கட்டாரில் கரண்ட் வேலை பார்த்துவிட்டு அவன் திரும்பி வந்த நாளில் இருந்து, யார் வாயைத் திறந்தாலும் "உதயன் சொன்னான், உதயன் செஞ்சான்" என்றுதான் பேச்சு. இத்தனை வருசமாக இந்தப் பக்கத்து வீடுகளுக்கு எல்லாம் வயர் இழுத்த மனுசனுக்கு அது எப்படி இருக்கும்?

ஆனால் ஒரு இடம் மட்டும் அவருக்கே சொந்தமாக இருந்தது. கேதீஸ்வரியின் கோழிக்குஞ்சுப் பண்ணை. அங்கே குஞ்சு பொரிக்கிற மெஷின் அறையில் அவர் கட்டிய போர்ட்டை, வருகிற போகிற ஆட்களுக்கு எல்லாம் கேதீஸ்வரி அதன் கதவைத் திறந்து காட்டுவாள். "பாருங்க, எங்கட சுதாண்ணன்ர வேலை. கோடு கீறினமாதிரி." வயர் ஒவ்வொன்றும் போர்ட்டின் ஓரத்தோடு நேரே போய், மூலையில் மடிந்து, கட்டுக் கட்டாக நிற்கும். அந்தக் கதவு திறக்கிற சத்தம் சுதாகரனுக்குக் கோயில் மணியிலும் மேலானது.

போன மாரியில் மின்னல் அடித்து மெஷினின் கன்ட்ரோல் கார்ட் எரிந்துபோனது. சூடு நின்று, உள்ளே இருந்த முட்டை எல்லாம் கூழாகிவிட்டது. கேதீஸ்வரி அழவில்லை. இன்னொரு தரம் அப்படி நடந்தால் பண்ணையை மூடுவதைத் தவிர வேறு வழியில்லை என்று மட்டும் சொன்னாள்.

இந்த முறை மழைக்கு முன்னமே ஒரு சின்னப் பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டு சுதாகரனைக் கூப்பிட்டாள்.

"சேர்ஜ் புரொடெக்டராம். மின்னலால வாற கூடின கரண்ட்ட மண்ணுக்கு இறக்கி விடுமாம். உதயன்தான் வாங்கச் சொன்னவன். ஏறாவூர் மஜீத் காக்காட ஐஸ் கொம்பனில அவன் ஒண்டு போட்டிருக்கானாம்."

"அப்ப அவனையே கூப்பிட்டிருக்கலாமே."

"உங்கட போர்ட்ல வேற ஆள் கை வைக்கிறதா? என்ன கதை இது!"

சுதாகரன் குளிர்ந்துபோனார். பெட்டியோடு வந்த விளக்கத் தாளைப் பிரித்தும் பார்க்காமல் கசக்கி எறிந்தார். மெயின் சுவிட்சுக்கும் ட்ரிப் சுவிட்சுக்கும் நடுவில் இருந்து வயர் எடுத்து, அதற்கென்று தனி பிரேக்கர் ஒன்றையும் வைத்தார். அதெல்லாம் சரி. ஆனால் பெட்டியைக் கீழ் மூலையில் பொருத்தினார், அங்கேதான் அது எடுப்பாக இருந்தது. வயர்கள் ஓரத்தோடு ஓரமாகச் சுற்றிப் போயின. பிறகு தேவைப்படும் என்று ஏர்த் வயரில் கொஞ்சம் மிச்சம் விட்டு, அதை வட்டமாகச் சுருட்டிக் கட்டினார். பெட்டியின் சின்ன ஜன்னலில் பச்சை தெரிந்தது, வேலை செய்கிறது என்று அர்த்தம். கேதீஸ்வரி கதவைத் திறந்தே வைத்தாள்.

அத்தோடு நின்றிருக்கலாம். பொறாமை நிற்க விடுமா? உதயரூபனின் வேலையை ஒரு கண் பார்த்துவிட வேண்டும் என்று, ஃபான் பழுது பார்க்கிற சாட்டில் ஏறாவூர் ஐஸ் கொம்பனிக்குப் போனார். முதலாளி அப்துல் மஜீத் தேத்தண்ணிக்குச் சொல்லப் போன நேரத்தில் போர்ட்டைத் திறந்தார். சிரிப்பு வந்துவிட்டது. பெட்டி மெயின் சுவிட்சை ஒட்டிக்கொண்டு கிடந்தது. ஏர்த் வயர்கள் வந்து சேருகிற ஏர்த் கட்டையையே இடம் மாற்றிப் பக்கத்தில் கொண்டுவந்திருந்தான். வயர்கள் குறுக்காலே, கட்டையாய், கோணலாய்.

"கட்டார்ல இப்படித்தான் கட்டுறதா?" என்றார், பின்னால் வந்து நின்ற உதயரூபனிடம். ஐஸ் கொம்பனியில் அவனுக்கு அன்றைக்கு வேலை இருந்திருக்கிறது.

அவன் கோபிக்கவில்லை. அதுதான் அவனிடம் பொறுக்க முடியாத குணம். "வடிவு இல்லதான் அண்ணன். ஆனா இதுக்கு வயர் நீளக்கூடாது. மின்னல் கரண்ட் கண் மூடித் திறக்கக்குள்ள பாயுது. அந்த நேரத்தில ஒவ்வொரு சாண் வயரும் தன்ர பங்குக்கு வோல்டேஜக் கூட்டும். பெட்டி தன்ர வேலையச் செஞ்சாலும், கூடினது மெஷினுக்குத்தான் போகும். போறதும் வாறதும் சேத்து அரை மீற்றருக்குள்ள முடிக்கணும். சுருட்டி வச்சா இன்னும் மோசம்."

"எனக்கு நீ படிப்பிக்காத," என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியும் குடிக்காமல் வந்துவிட்டார்.

வந்தார், ஆனால் தான் சுருட்டிக் கட்டிய அந்த வயர் கூடவே வந்தது. சாப்பிடும்போதும் அதுதான், படுக்கும்போதும் அதுதான். அவன் சொன்னது பொய்யாக இருக்க வேண்டும் என்று எந்தச் சாமியைக் கேட்பது? அடுத்த நாள் மத்தியானம் வாவிக்கு மேலே மேகம் கருத்துக்கொண்டு வந்தபோது, மெஷினுக்குள் நாளை பொரிக்க இருக்கிற முட்டைகள் நினைவுக்கு வந்தன. மோட்டார் சைக்கிளை உதைத்தார்.

கேதீஸ்வரி டவுனுக்குப் போயிருந்தாள். கோழித்தீன் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த பண்ணை வேலையாள் சதீசன்தான் அறையைத் திறந்துவிட்டான். சுதாகரன் மெயினை நிறுத்தினார், டெஸ்டர் வைத்துப் பார்த்தார், பிறகு தன் வயர்களைத் தானே வெட்டினார். வெட்டும்போது நெஞ்சு எரிந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். பெட்டியை மேலே மெயின் பக்கம் ஏற்றி, ஏர்த் கட்டையையும் அருகே கொண்டுவந்தார். வயர் குறுக்காலே, கட்டையாய், கோணலாய். கரண்டைப் போட்டு, மெஷின் ஃபான் சுற்றத் தொடங்கிய பிறகுதான் தூரத்தில் முதல் இடி கேட்டது. கதவைச் சாத்திவிட்டு, சதீசனிடம்கூட ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

அன்றைக்கு மின்னல் அடித்த அடியில் பக்கத்து வீட்டு டிவி, வாய்க்கால் கரைக் கடையின் ஃபிரிட்ஜ் எல்லாம் போயிற்று. விடிந்ததும், சதீசன் வேலைக்கு வர முன்னமே, கேதீஸ்வரி கூப்பிட்டாள். சுதாகரன் போகும்போது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தட்டு நிறைய ஈரக் குஞ்சுகள் கத்தின. அவள் போர்ட்டின் முன்னால் ஃபோனும் கையுமாக நின்றாள்.

"பச்சை போய்ச் சிவப்பாக் கிடக்கு," என்றாள்.

"அடியத் தான் வாங்கிட்டு அது போயிட்டு. மெஷினுக்கு விடல்ல. மேல கழட்டுற துண்ட மட்டும் புதுசு போடணும்."

"அது சரி. வயரெல்லாம் என்ன கோலம் இது? உதயன் வந்திருக்கான் போல. இது அவன்ர கை. நீங்க ஒண்டும் நினைக்காதீங்க அண்ணன், குஞ்சு தப்பிட்டு, அவனுக்கு ஒரு நன்றி சொல்லுவம்." நம்பரை அழுத்திவிட்டாள்.

சுதாகரனுக்கு இரண்டு பக்கமும் இடி. நான்தான் என்றால், முன்னம் கட்டியது பிழை என்று ஆகும். பேசாமல் நின்றால், தன் கையால் செய்த வேலை அவன் பேருக்குப் போகும். எதைச் சொல்வது என்று முடிவாகும் முன்னமே, ஃபோனில் உதயரூபனின் குரல் சத்தமாகவே கேட்டது.

"நான் அந்தப் பக்கமே வரல்ல அக்கா. அது சுதாண்ணன்ர வேலையாத்தான் இருக்கும். அவருக்குத் தெரியாததா?"

கேதீஸ்வரி திரும்பி அவரைப் பார்த்தாள். "நீங்களா? இவ்வளவு கோணலாவா?"

"ஓம், நான்தான்," என்றார் சுதாகரன். பிறகு, பல்லைப் பிடுங்கிக் கையில் கொடுப்பதுபோல, "முதல் கட்டினது நீளம். அது பிழை. இப்படிக் கட்டச் சொன்னது அவன்," என்றார்.

"குஞ்சு தப்பினதே போதும் அக்கா," என்று உதயரூபன் ஃபோனை வைத்துவிட்டான். ஒரு வார்த்தை குத்திக் காட்டியிருந்தாலாவது சுதாகரனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அதற்கும் இடம் வைக்கவில்லை, பாவி.

கேதீஸ்வரி போர்ட்டைச் சாத்துவாள் என்று நினைத்தார். அவள் சாத்தவில்லை. குஞ்சு வாங்க வந்த ஆட்களைக் கூப்பிட்டு, கதவை இன்னும் அகலத் திறந்து காட்டினாள்.

"பாருங்க, எங்கட சுதாண்ணன் கட்டினது," என்றாள். "சொல்லிக் குடுத்தது உதயன்."

வந்தவர்கள் எல்லாருக்கும் அதையே சொன்னாள், ஒருவரையும் விடாமல், இரண்டு பேரையும் சேர்த்து.