மச்சான் தோத்தா பாதி

என் தம்பியப் பார்த்தா இப்பல்லாம் எனக்குக் குமட்டுது. கூடப் பொறந்தவனைப் பத்தி இப்படிச் சொல்லக்கூடாதுதான். அதுக்காகக் குமட்டுறதை மணக்குதுன்னா சொல்ல முடியும்?

ஊருக்கு அவன் 'லாபம் அண்ணா'. மூணு லட்சம் பேர் அவன் வீடியோவைப் பார்க்கறாங்க. வீட்டுல அவன் சுண்டு. கணக்குப் பரீட்சையில ரெண்டு தடவை கோட்டை விட்டவன். அது ஒண்ணும் குத்தமில்ல, நானும் பத்தாவதுதான். பியூட்டி பார்லர் வச்சு ரெண்டு நாற்காலி போட்டுப் பொழைக்கிறேன். ஆனா எனக்குத் தெரியாத சிகிச்சையை நான் யார் தலையிலயும் செஞ்சதில்ல.

என் வீட்டுக்காரர் இருபத்திரண்டு வருஷம் ஒரே கம்பெனியில லேத் ஓட்டினவர். கம்பெனியை மூடினப்ப எட்டு லட்சம் கையில கொடுத்து அனுப்பிட்டாங்க. மக நர்சிங் ரெண்டாவது வருஷம் படிக்கிறா. மிச்சப் படிப்பு முடியணும், இவருக்கு வேற வேலை கிடைக்கிற வரைக்கும் அடுப்பும் எரியணும். எல்லாத்துக்கும் அந்த எட்டு லட்சம்தான்.

வேலையில்லாத மனுஷன் நாளெல்லாம் என்ன பண்ணுவாரு? சோபாவுல படுத்துக்கிட்டு மச்சினன் வீடியோவைப் பார்த்தாரு. சுண்டு ஒரு ஆப்பைக் காட்டினான். டாலர் விலை அடுத்த அஞ்சு நிமிஷத்துல ஏறுமா இறங்குமான்னு சொல்லணும், அவ்வளவுதான் வேலை. இவரு என்கிட்ட சொல்லாம கடைசிச் சம்பளம் நாப்பதாயிரத்தைப் போட்டாரு. அம்பத்தஞ்சாயிரம்னு காட்டுச்சு. அஞ்சாயிரம் எடுத்துப் பார்த்தாரு, பேங்குக்கு ஒழுங்கா வந்துருச்சு. அவ்வளவுதான், மனுஷன் தரையில நடக்கல. "நாளைக்கு எட்டு லட்சத்தையும் போடறேன். முதல் தடவை பெருசாப் போட்டா அவங்களே ரெண்டு லட்சம் போனஸ் தர்றாங்க"ன்னு சோறு தின்னுக்கிட்டே சொன்னாரு.

"சும்மா எவனாவது ரெண்டு லட்சம் தருவானா?"ன்னு கேட்டேன்.

"உன் தம்பி சொல்லியே நீ நம்பமாட்டேன்னா நான் என்ன பண்றது"ன்னு கை கழுவப் போயிட்டாரு.

சாயங்காலம் பார்லரைச் சீக்கிரம் பூட்டிட்டு சுண்டு வீட்டுக்குப் போனேன். ரெண்டு ரூம் வீடு. ஒரு ரூம்ல ஒரே ஒரு செவுத்துக்கு மட்டும் கருநீலப் பெயிண்ட் அடிச்சு, கலர் லைட் ஒட்டி, பின்னாடி யாரும் படிக்காத தடிப் புத்தகமா அடுக்கி வச்சிருப்பான். கேமராவுக்குத் தெரியற இடம் அது மட்டும்தான். மத்த மூணு பக்கமும் ஈரத்துணி தொங்குது. போன மாசம் 'என் புதுக் கார்'னு போட்டானே, அது நாள் வாடகைக் கார்.

நான் போனப்ப படம் பிடிச்சுக்கிட்டிருந்தான். 'உக்காருக்கா'ன்னு கையால சைகை காட்டிட்டு, கேமராவைப் பார்த்துக் கண்ணை உருட்டி, "நாளைக்கு டாலர் ஏறும், எழுதி வச்சுக்கோங்க"ன்னான். நிறுத்தினான். தண்ணி குடிச்சான். அதே சட்டை, அதே கண்ணு உருட்டல். "நாளைக்கு டாலர் இறங்கும், எழுதி வச்சுக்கோங்க."

"என்னடா இது, ஏறுமா இறங்குமா?"ன்னேன்.

"எனக்கென்னக்கா தெரியும்? ரெண்டையும் எடுத்து வச்சுக்குவேன். எது நடக்குதோ அந்த வீடியோவை மட்டும், நேத்தே என் குரூப்புல சொன்னேனேன்னு போடுவேன். இன்னொண்ணை அழிச்சுடுவேன்." ஏதோ சமையல் குறிப்பு சொல்ற மாதிரி சொன்னான்.

"அப்ப தினமும் லாபம்னு ஸ்க்ரீன்ல காட்டறியே, அது?"

"அது பழகறதுக்குத் தர்ற கணக்குக்கா. பொய்ப் பணம். ஓரத்துல 'டெமோ'ன்னு எழுதியிருக்கும், அதை மட்டும் வெட்டிடுவேன்."

"உன் சொந்தப் பணம் எவ்வளவுடா போட்டிருக்க?"

"நானா?" சிரிச்சான். "நான் என்ன லூஸாக்கா? அஞ்சு நிமிஷத்துல எது ஏறும் எது இறங்கும்னு கடவுளுக்கே தெரியாது. சரியாச் சொன்னா நூறுக்கு எம்பது லாபம் தருவான். தப்பாப் போனா நூறும் காலி. பத்துல அஞ்சு சரியாச் சொன்னாலும் கையில இருக்கறது கரைஞ்சுக்கிட்டேதான் போகும்."

பணம் போட்டவங்க வயிறு எரியும்னு ஒரு பயம்கூட இல்ல அவன் முகத்துல. நானும் கடை வச்சிருக்கறவ, எனக்கு ஒரு கேள்வி தெரியும். ஷாம்பு கம்பெனிக்காரன் என் கடைக்கும் வருவான். பாட்டிலுக்கு இவ்வளவுன்னு எனக்குக் கமிஷன் உண்டு, அதை வாடிக்கைக்காரங்ககிட்ட மறைக்கமாட்டேன். "அந்த ஆப்காரன் உனக்கு எதுக்குடா காசு தர்றான்? ஆளுக்கு இவ்வளவா?"ன்னு கேட்டேன்.

"முன்னாடி ஆளுக்கு இவ்வளவுன்னு தந்தான். இப்ப நான் பெரிய ஆளுல்ல? பங்கு கேட்டு வாங்கிட்டேன். என் லிங்க்ல வந்தவங்க தோத்தா, அந்தப் பணம் கம்பெனிக்குத்தானே போகும், அதுல எனக்குப் பாதி."

எனக்குப் புரியறதுக்குக் கொஞ்ச நேரம் ஆச்சு. பாட்டில் வித்தா கமிஷன், சரி. தலைமுடி கொட்டினாத்தான் கமிஷன்னு ஒருத்தன் எண்ணெய் விப்பானா? "அப்ப உன் மச்சான் ஜெயிச்சா?"

"ஜெயிச்சா அதுலயும் பாதியை என் கணக்குல கழிச்சுக்குவான். இப்பகூட மச்சானால எனக்கு ஏழாயிரத்து ஐநூறு மைனஸ் நிக்குது"ன்னு குறைப்பட்டான். அவன் குறைப்பட்டான், என்கிட்ட.

"அந்த போனஸ் ரெண்டு லட்சம்?"

"அதைத் தொட்டா, அதுக்கு முப்பது மடங்கு ஆடி முடிக்கிற வரைக்கும் போட்ட பணத்தையும் எடுக்க முடியாது. அறுபது லட்சத்துக்கு ஆடணும். அதுக்குள்ள யாருக்கும் மிஞ்சாது."

"அடப்பாவி, அவரு உன் மச்சான்டா. அது உன் அக்கா மக படிக்கிற பணம்."

அப்பத்தான் என் மூஞ்சியை ஒழுங்காப் பார்த்தான். எழுந்து கதவைச் சாத்திட்டு வந்து, என் பக்கத்துல உக்காந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "அக்கா, உனக்குத் தராம இருப்பேனா? மச்சான் தோத்தா எனக்கு வர்றதுல பாதியை உன் கையிலயே தந்துடறேன். அவருக்குத் தெரிய வேணாம். வீட்டுப் பணம் வீட்டுக்குள்ளயேதானே இருக்கும்."

பெரிய தர்மம் பண்ற மாதிரி இருந்துச்சு அவன் முகம். எச்சில் துப்பலாம்னு வந்துச்சு, தரையைப் பார்த்து முழுங்கிட்டேன். செருப்பைக்கூட ஒழுங்கா மாட்டாம வெளிய வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்து எல்லாத்தையும் சொன்னேன். என் வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சாரு, அவ்வளவுதான்.

"அஞ்சாயிரம் என் பேங்குக்கு வந்துச்சே. அது பொய்யா?"

"சின்ன மீனைப் போட்டுத்தாங்க பெரிய மீனைப் பிடிப்பான்."

"விளம்பரம்னா விளம்பரம்னு சொல்லியிருப்பானே."

செல்லைப் பிடுங்கி, வீடியோவுக்குக் கீழ 'மேலும்'னு இருக்கறதை அழுத்தினேன். பூ படம், ராக்கெட் படம், நாப்பது வார்த்தை எல்லாம் தாண்டி, அடியில பொடி எழுத்துல இருந்துச்சு: பணம் பெற்று வெளியிடப்படுகிறது, இது முதலீட்டு ஆலோசனை அல்ல. இவரு கண்ணாடியை எடுத்து மாட்டிப் படிச்சாரு. "எல்லாரும் போடறதுதான்"னாரு.

இந்த மாதிரி ஆளுங்களைக் கண்காணிக்க ஒரு அரசாங்க ஆபீஸ் இருக்குல்ல, அவங்க வெப்சைட்ல லைசென்ஸ் வாங்கினவங்க பேரெல்லாம் இருக்கும். ரெண்டு பேருமா உக்காந்து தேடினோம். ஆப் பேரும் இல்ல, கம்பெனி பேரும் இல்ல, என் தம்பி பேரும் இல்ல. கம்பெனி விலாசம் ஏதோ கடல் நடுவுல ஒரு தீவு. இவரு தலையைச் சொறிஞ்சாரு. "புதுக் கம்பெனி, இனிமேத்தான் பதிவு பண்ணுவான்"னாரு. நம்பணும்னு முடிவு பண்ணிட்ட மனுஷனுக்கு எல்லாத்துக்கும் ஒரு பதில் இருக்கும். "வேணும்னா ஒரு வருஷக் கணக்கை பேங்க் ஸ்டேட்மென்ட்டோட காட்டச் சொல்லுங்களேன்"னேன். "சொந்தக்காரன்கிட்ட அதெல்லாம் எப்படிக் கேக்கறது, மரியாதையா இருக்காது"ன்னாரு.

மரியாதை. கத்தலாம்னு வாயைத் திறந்தேன், அப்பத்தான் ஒரு யோசனை தோணுச்சு.

"சரி, ஒண்ணும் கேக்க வேணாம். அவனுக்குப் போன் போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க. போட்டதையும் லாபத்தையும் மொத்தமா எடுத்துட்டேன், போதும்னு நிறுத்திக்கறேன்னு சும்மா சொல்லுங்க. அவன் சந்தோஷப்பட்டான்னா, நாளைக்கு எட்டு லட்சத்தைப் போடுங்க. நானே கூட வர்றேன்."

"சந்தோஷப்படாம? அவன் சொல்லித்தானே ஜெயிச்சேன்"னு சிரிச்சுக்கிட்டே நம்பரை அழுத்தினாரு.

"மாப்ள, உன் புண்ணியத்துல பதினஞ்சாயிரம் லாபம். இப்பத்தான் மொத்தத்தையும் எடுத்தேன். போதும்டா, வயசாயிடுச்சு, இதோட நிறுத்திக்கறேன்."

"மொத்தமாவா?"ன்னான் சுண்டு.

"மொத்தமாத்தான்."

"ஏன் மச்சான் எடுத்தீங்க? யாரைக் கேட்டு எடுத்தீங்க?" வீடியோவுல வர்ற குரல் இல்ல அது. "அக்கா ஏதாவது சொன்னாளா? மாசக் கடைசியில, என் கணக்கு முடிக்கிற நேரத்துல போய் இப்படிப் பண்ணுவாங்களா யாராவது?"

இவரு சிரிப்பு அப்படியே முகத்துல காஞ்சு போச்சு. "லாபம்தானேடா மாப்ள"ன்னாரு, கெஞ்சற மாதிரி. ஒரு நல்ல வார்த்தை வந்துடாதான்னு அவருக்கு இன்னும் இருந்துச்சு.

"லாபம் எங்க மச்சான் போகப் போகுது? திருப்பிப் போடுங்க. நாளைக்குப் போடறதா சொன்னதையும் சேர்த்துப் போடுங்க. போனஸ் இன்னைக்கு ராத்திரியோட முடியுது. அக்கா பேச்சைக் கேட்டா வீட்டுலயே கிடக்க வேண்டியதுதான்."

என் வீட்டுக்காரர் செல்லை மேஜை மேல வச்சாரு. என்னைப் பார்க்கல. செல்லுக்குப் பக்கத்துல குனிஞ்சு மெதுவாக் கேட்டாரு.

"மாப்ள, உங்க அக்கா கழுத்துல ஒரு சங்கிலி கிடக்கு. அதையும் வித்துப் போடட்டுமா?"

வெட்கப்படுவான்னு நினைச்சாரு. நானும்தான் நினைச்சேன், இவ்வளவு தெரிஞ்சதுக்கு அப்புறமும்.

சுண்டு கேட்டான்: "எத்தனை பவுன் இருக்கும் மச்சான்?"