புதிய வண்டியின் உறையும் ஆஷிகாவின் கையும்

2025 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. காலையில் வயல்களின் மேல் மூடுபனி படர்ந்திருந்தது. பின்னர் பனி விலகி, நெல் காய்வதற்கு மிகவும் ஏற்ற வெயில் அடித்தது.

பாபநாசத்திலிருந்து நான்கு கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிற்றூரில், ஜாஃபர் சாதிக் தன் புதிய ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் ஷார்ஜாவில் நிறுவன வேன் ஓட்டுபவன். இரண்டு மாத விடுப்பில் வந்திருந்தான். அங்கே இருக்கைவார் பூட்டாமல் வண்டியைப் பத்தடி நகர்த்தமாட்டான். அபராதம் அத்தகையது. இங்கே அபராதம் விதிப்பார் எவருமில்லை. ஆகவே ஆபத்தும் இல்லை என்பது அவனது துணிபு.

இருக்கையைச் சுற்றி வந்த கண்ணாடித்தாள் உறையை அவன் இன்னும் கழற்றவில்லை. இருக்கை அழுக்காகிவிடும் அல்லவா? கைபேசியைக் கைப்பிடி நடுவே நான்கு நகங்கள் கொண்ட தாங்கியில் இறுகப் பொருத்தியிருந்தான். தலைக்கவசத்தைப் பின்பார்வைக் கண்ணாடியில் மாட்டியிருந்தான். கண்ணாடிக்குத் தலைவலி வராமலிருக்க வேண்டும் போலும். இவ்வளவு முன்னெச்சரிக்கை உடையவன், தன் இரண்டரை வயது மகள் ஆஷிகாவை மட்டும் கால் வைக்கும் தட்டில் நிற்கவைத்து, "புடிச்சுக்கடி என் தங்கம்" என்றான்.

அவன் மனைவி நுஸைபா வாசலில் நின்றாள். அவள் கையில், இணையத்தில் வரவழைத்த குழந்தைப் பட்டையும் சிறிய தலைக்கவசமும் இருந்தன.

"மச்சான், இத உங்க தோள்ல மாட்டிக்கிங்க. புள்ள பின்னாடி உக்காரட்டும், பட்டைய அவளோட சேத்துக் கட்டிருவோம். ஒன்பது மாசத்துலேர்ந்து நாலு வயசு வரைக்கும் இப்படித்தான் போகணும்னு சட்டமே இருக்கு. நாப்பதுக்கு மேல ஓட்டவும் கூடாது."

"எம்புள்ளைய என்ன மூட்டையா கட்டித் தூக்கிட்டுப் போறதுக்கு?"

"மூட்டைய கட்டாமலா கொண்டு போவீங்க? முன்னாடி நிக்கிற புள்ள, நீங்க ஒரு பிரேக் போட்டா கைப்பிடியிலதான் மூஞ்சிய இடிக்கும். பின்னாடி உங்க உடம்பும் வந்து அமுக்கும். தூங்கிட்டா அப்படியே சரிஞ்சுரும்."

"ஊருல அத்தன பேரும் இப்படித்தான் போறான்."

"அப்ப பஸ்ல போவோம். இன்னும் கொஞ்ச நேரத்துல டவுன் பஸ் வந்துரும். பட்டைகூட வேணாம்."

ஜாஃபர் சாதிக்கின் முகம் சிவந்தது. "வெளிநாட்டுச் சபராளி பொண்டாட்டி ஓசி பஸ்ல வந்து எறங்குனான்னு பாபநாசம் பூரா பேசட்டும்னு சொல்றியா? அக்கா வீட்டு விருந்துக்கா?"

பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்தில் ஏறினால் குடும்பத்தின் மானம் எலும்பு முறியும் என்று அவன் மெய்யாகவே அஞ்சினான். குழந்தையின் எலும்பு குறித்து அவனுக்கு அத்தகைய அச்சம் ஏதுமில்லை. அக்காள் கமருன்னிஸாவோ கைபேசியில் அடுத்தடுத்து அழைத்து, எங்கே வருகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டேயிருந்தாள். நுஸைபா பட்டையையும் சிறிய தலைக்கவசத்தையும் பையில் போட்டுக்கொண்டு பின்னிருக்கையில் ஏறினாள். அவள் ஒரு கை ஆஷிகாவின் சட்டைக் காலரை விடவில்லை.

வாய்க்கால் ஓரமாகச் சென்ற தார்ச்சாலையில், சம்பா அறுவடை நெல் பாதிச் சாலையை அடைத்துக் காய்ந்துகொண்டிருந்தது. வண்டிகள் நெல்லின் மேல் ஏறாதபடி இராஜாங்கம் என்னும் விவசாயி ஓரமெங்கும் கருங்கற்களை வரிசையாக அடுக்கியிருந்தார். சாலை தமக்குத் தந்தைவழிச் சொத்தென்னும் உறுதி அவருடைய அடுக்கில் தெரிந்தது. எதிரே வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று மிச்சமிருந்த வழியை நிறைத்தவாறு வந்தது.

ஜாஃபர் சாதிக் வண்டியை நிறுத்தினான். சிதறிய நெல் சறுக்கும் என்று நுஸைபா இறங்கி ஓரமாக ஒதுங்கினாள். அவனும் இடப்புறமாக இறங்கி, ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வழியில் துருத்திய கல்லைக் காலால் தள்ள முயன்றான். பக்கத் தாங்கியைப் போட்டால் என்ஜின் நின்றுவிடும்; மறுபடியும் ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். அந்தப் பெருஞ்சிரமத்தைத் தவிர்க்கும்பொருட்டு அவன் தாங்கியைப் போடவில்லை.

"மச்சான், வண்டிய ஆஃப் பண்ணுங்க! புள்ள மேல நிக்குது!" என்று நுஸைபா ஓடிவந்தாள்.

"இரு, ஒரு செகண்டு..."

ஆஷிகாவின் வலக்கை முடுக்கியின் மேல் இருந்தது. தந்தை தினமும் முறுக்குவதை அவள் கண்டிருந்தாள், தானும் முறுக்கினாள்.

ஸ்கூட்டர் அவன் கையிலிருந்து பிய்த்துக்கொண்டு பாய்ந்தது. கல்வரிசையில் முட்டி, துள்ளி, நெற்பரப்பின் மேல் சாய்ந்தது. ஆஷிகா கைப்பிடியைத் தாண்டிக் கவிழ்ந்து நெல்லுக்குள் விழுந்தாள். சக்கரம் சுழன்று நெல்லை வாரி இறைத்தது.

முதலில் அவளிடம் குரலே எழவில்லை. பிறகு அழுதாள், அந்த அழுகையைக் கேட்டபின்தான் நுஸைபா மூச்சு விட்டாள். மோவாயில் இரத்தம். இடக்கையை அசைக்கவிடாமல் குழந்தை அலறியது.

இராஜாங்கம் ஓடிவந்தார். "யாருங்க இது, காயப்போட்ட நெல்லுல வண்டிய விட்டது?"

"ரோட்டுல கல்ல அடுக்கி வச்சுட்டு நீங்க பேசுறீங்களா?" என்று ஜாஃபர் சாதிக் சீறினான்.

"நெல்லு கெடந்ததாலதான் புள்ள பொழச்சுது!"

"கல்லு கெடந்ததாலதான் விழுந்துது!"

"நீங்க முடுக்காம வண்டி பறந்துச்சா?"

சாலையை அடைத்தவரும் என்ஜினை அணைக்காதவரும் நியாயம் பேசிய காட்சி மிகவும் கண்ணியமாக இருந்தது.

"நிறுத்துங்க ரெண்டு பேரும்!" நுஸைபா தன் துப்பட்டாவால் குழந்தையின் கையை மார்போடு அணைத்துத் தாங்கலாகக் கட்டியிருந்தாள். "அப்புறமா சண்ட போட்டுக்குங்க. ஆட்டோவக் கூப்புடுங்க."

நெல்லில் கிடந்த வண்டியில் கைபேசி ஒலித்தது. நான்கு நகங்களின் பிடியில் அது கீறலின்றி இருந்தது. இருக்கை உறையும் கிழியவில்லை. ஜாஃபர் சாதிக் எடுத்ததும் கமருன்னிஸா கேட்டாள்: "எங்கடா இருக்கீங்க? பிரியாணி ஆறுது."

பாபநாசம் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். முன்கை எலும்பில் முறிவு, மாவுக்கட்டு போட்டார்கள். மோவாயில் தையல். "தலை அடிபடலை, அதிர்ஷ்டம். இருந்தாலும் வாந்தி எடுத்தா, தூங்கி வழிஞ்சா, உடனே கூட்டிட்டு வாங்க" என்று மருத்துவர் சொன்னார். ஜாஃபர் சாதிக் தலையாட்டினான். அதிர்ஷ்டத்தைத் தன் வாகனத் திறமையின் கணக்கில் சேர்த்துக்கொள்ள அவனுக்கு அப்போது துணிவில்லை.

மருத்துவமனைக்கு வந்த கமருன்னிஸா, பிள்ளையைத் தடவிக் கொடுத்தபின் இவ்வாறு அருளினாள்: "வீட்டுக்கு எப்படிப் போவீங்க? எங்க வீட்டுக்காரர் பைக்குல விட்டுருவாரு. புள்ளைய முன்னாடி டேங்க் மேல உக்கார வச்சுக்கலாம்."

நுஸைபா அவளை ஏறிட்டுப் பார்த்தாள். "இன்னொரு கையும் இருக்குதுல்ல அக்கா, அதுக்கா?"

கமருன்னிஸா முந்தானையைச் சரிசெய்தாள்.

பேருந்து நிறுத்தத்தில் நுஸைபா கணவனிடம் கையை நீட்டினாள். "சாவி."

"வண்டி அங்கயே கெடக்கு. சாவி எதுக்கு?"

"நீங்க மட்டும் ஓட்டும்போது கேளுங்க, தாரேன். புள்ள ஏறணும்னா பட்டையும் ஹெல்மெட்டும் மாட்டித்தான் ஏறுவா. பஸ்ஸோ ஆட்டோவோ போற எடத்துக்கு அவளுக்கு ஸ்கூட்டரே கெடையாது. மானம் போகுதுன்னா நீங்க நடந்து வாங்க."

அவன் சாவியைக் கொடுத்தான்.

டவுன் பஸ் வந்தது. அவள் சன்னலோர இருக்கையில் அமர்ந்து ஆஷிகாவை மடியில் அணைத்துக்கொண்டாள். அவன் படியில் தயங்கினான். தெரிந்த முகம் ஏதேனும் உண்டா என்று தேடினான். நடத்துனர் உரக்கச் சொன்னார்: "உள்ள வாங்க சார். படியில நிக்காதீங்க, விழுந்துருவீங்க. அம்மாவுக்கு ஃப்ரீ, பாப்பாவுக்கும் வேணாம். உங்களுக்குத்தான் டிக்கெட்."

பேருந்து முழுவதும் திரும்பிப் பார்த்தது. ஜாஃபர் சாதிக் சீட்டு வாங்கினான்.

வழியில் இராஜாங்கம் நெல்லைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார். கற்கள் அப்படியே இருந்தன. ஸ்கூட்டர் வாய்க்கால் ஓரம் சாய்ந்து கிடந்தது. உறை வெயிலில் பளபளத்தது. ஆஷிகா அன்னையின் மடியில் உறங்கிவிட்டாள். நுஸைபா அவளை எழுப்பிக் கண்களைப் பார்த்தாள். குழந்தை "வூட்டுக்கு" என்று தெளிவாகச் சொல்லி மறுபடியும் சாய்ந்தது.

அவர்கள் ஊர் நிறுத்தத்தில் இறங்கினர். கட்டுப்போட்ட கையைத் தாங்கிப் பிடிக்கும் பொறுப்பு இம்முறை தந்தையிடம் கொடுக்கப்பட்டது. அவன் கை அசையாதபடி மெல்ல நடந்தான். வீட்டுக் கதவு திறந்தபோது மணி மாலை நான்கு பதினேழு.