முக்கால் நிச்சயம்

எங்கள் பலகை விளையாட்டு கிளப் அணியில் ஒரே ஒரு இடம்தான் காலி. ஆறு வருடமாக நான் ரிசர்வ்தான். இந்த வருடம் அந்த இடத்துக்கான இறுதி ஆட்டத்தில் எனக்கு எதிரே உட்கார்ந்தது என் சொந்த அக்கா. பல் டாக்டர். நான் இன்சூரன்ஸ் கம்பெனியில், யாருக்கு என்ன ஆபத்து எத்தனை சதவீதம் என்று கணக்குப் போட்டே வயிறு வளர்ப்பவன். கேட்க வேண்டுமா, ஆட்டத்துக்கு முன்பே அணியின் பனியன் அளவைச் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

விளையாட்டு எளிது. காய்களின் பதவி எதிராளிக்குத் தெரியாது. மோதினால்தான் தெரியும், சின்னது சாகும். எதிரியின் கொடியைப் பிடித்தால் வெற்றி.

எல்லாவற்றிலும் பெரிய காயான என் மார்ஷலைப் பறிகொடுத்த புண்ணியவான் நானேதான். அவளுடைய உளவாளியின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். மார்ஷலைக் கொல்ல முடிந்த ஒரே சின்னக் காய் அதுதான்; பாய்ந்து முடித்துவிட்டது. மிச்சமிருந்த பெரிய காய் ஜெனரல். அது அவளுடைய கர்னலை அடித்தபோதே அடையாளம் வெளிப்பட்டுவிட்டது. அதை என் கொடிக்குக் காவல் வைத்திருந்தேன்.

அப்போது அக்காவின் முகம் தெரியாத காய் ஒன்று நேராக வந்து என் ஜெனரலை ஒட்டி நின்றது. முறை என்னுடையது.

அவளிடம் இன்னும் வெளிப்படாத, நகரக்கூடிய காய்கள் நான்கு. ஒன்று மார்ஷல், மற்ற மூன்றும் ஜெனரலிடம் தோற்கும் சார்ஜென்ட். அடித்தால் முக்கால்வாசி எனக்கு வெற்றி. என் விதியும் அதுதான்: முக்கால் நிச்சயம் இருந்தால் தொடு, குறைந்தால் தொடாதே. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். என் மூளை சும்மா இருக்குமா? ஜெனரல் என்று தெரிந்தும் இவ்வளவு தைரியமாகச் சார்ஜென்ட்டை யார் அனுப்புவார்கள்? அப்படியானால் பாதிக்குப் பாதி.

ஓடினேன். பின்னாலேயே வந்தது. மறுபடி ஓடினேன். மூன்றாம் முறை ஓடியபோது ஜெனரல் கொடியை விட்டு விலகிப் போயிருந்தது. உடனே, ஏற்கெனவே வெளிப்பட்டு அருகில் காத்திருந்த அவளுடைய குண்டு எடுக்கும் காய் என் கொடியை மறைத்திருந்த வெடிகுண்டை அகற்றி, அடுத்த நகர்வில் கொடியையும் தூக்கிவிட்டது.

துரத்திய காயைத் திருப்பிக் காட்டினாள். சார்ஜென்ட்.

"மார்ஷல் எங்க, அக்கா?"

"மூலையில. ஆட்டம் முழுக்க நகர்த்தவே இல்ல."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஏழாவது வருடம்.

"முக்கால் வந்தா அடிச்சிருப்பேன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்டா. அதோட நீ நிறுத்தமாட்டேன்னும் தெரியும்." காய்களைப் பெட்டியில் போட்டபடியே என் வீங்கிய கன்னத்தைப் பார்த்தாள். "அந்தப் பல்ல எப்ப காட்டப்போற? மூணு மாசமாச்சு."

"வலிக்குமா?"

"முக்கால்வாசி வலிக்காது."

நான் யோசிக்க ஆரம்பித்தேன்.