ஏழாயிரத்து நூற்றுத் தொண்ணூற்று மூன்று முகங்கள்

அக்காவின் வேலை போகக் கூடாது, அவ்வளவுதான். வார்டில் ஒரு குழந்தை மூச்சுக்குத் தவித்தபோது ஆக்சிஜன் சிலிண்டர் காலியாகக் கிடந்ததை, நர்ஸான அக்கா போனில் நாலு நிமிட வீடியோவாகப் பேசி அனுப்பியிருந்தாள். ஐந்து மணிச் செய்தியில் அது வர வேண்டும், ஆனால் வேறு முகத்தோடு. செய்தி நிறுவனத்தில் எடிட்டிங் பார்க்கும் தங்கைக்குக் காலையிலிருந்து அதுதான் பாடு.

வீடியோவை ffmpeg என்ற மென்பொருளில் படம் படமாகப் பிரித்தாள். ஏழாயிரத்துச் சொச்சம் படங்கள். ஒவ்வொன்றிலும், கணினி உருவாக்கிய, உலகத்திலேயே இல்லாத ஒருத்தியின் முகம் ஏறி முடிய மதியமாகிவிட்டது. திரும்பக் கோத்து, மூல வீடியோவின் ஆடியோவைச் சேர்த்து ஓடவிட்டால், பேச்சு நாலு நிமிடத்தில் முடிகிறது, படம் நாலே முக்கால் நிமிடத்துக்கும் மேல் இழுக்கிறது. விநாடிக்கு எத்தனை படம் என்று சொல்ல மறந்திருந்தாள். சொல்லாவிட்டால் மென்பொருள் தன் பாட்டுக்கு இருபத்தைந்து படம் என்று வைத்துக்கொள்ளும்.

முப்பது என்று போட்டாள். தொடக்கம் கச்சிதம். கடைசி நிமிடத்தில் உதடு முந்திக்கொண்டது, குரல் பின்னால் வந்தது. தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"இன்னுமா முடியல?" என்றார் செய்தி ஆசிரியர், மூன்றாவது முறையாக.

"கால் செகண்டு சார், அதான் உயிர வாங்குது."

மூலக் கோப்பை முதலிலேயே விசாரித்திருக்க வேண்டும். முப்பது இல்லை, இருபத்தொன்பது புள்ளி ஒன்பது ஏழு. இந்தப் புள்ளியைக் கண்டுபிடித்தவன் நன்றாக இருக்கட்டும். மாற்றிப் போட்டாள். ஆடியோவைத் தொடாமல் அப்படியே நகலெடுக்கச் சொன்னாள். உதடும் பேச்சும் ஒட்டிக்கொண்டன.

ஷிப்ட் முடிந்து நேராகச் செய்தி அலுவலகத்துக்கு வந்த அக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டு பார்த்தாள். அரை நிமிடத்தில் கழற்றிவிட்டாள்.

"முகம் நல்லாத்தான்டி இருக்கு. குரல் என்னோடதாச்சே. ரெண்டாவது வார்த்தையிலயே வார்டு மொத்தமும் கண்டுபிடிச்சுடும்."

தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். காலையிலிருந்து நூறு தடவை கேட்ட குரல். உதட்டோடு சேர்கிறதா என்று மட்டுமே கேட்டிருக்கிறாள், மடச்சி.

"பத்து நிமிஷம் குடுக்கா. குரலையும் மாத்திடறேன்."

"மாத்தினா எப்படி இருக்கும்?"

அவசரத்துக்கு மாற்றிய ஒரு வரியைப் போட்டுக் காட்டினாள். தகர டப்பாவுக்குள்ளிருந்து யாரோ பேசுவது போலிருந்தது. குழந்தை மூச்சுக்குத் தவித்ததைச் சொல்லும் வரி அது.

அக்கா கையமர்த்தி அதை நிறுத்தச் சொன்னாள்.

"அந்தக் குழந்தையோட அம்மாவும் பார்ப்பாங்கடி. இப்படியா கேக்கணும் அவங்க?" என்றாள். "நான் அனுப்பினது அப்படியே இருக்குல்ல?"

"இருக்கு. ஆனா அக்கா, உன் வேலை..."

"அதையே எடு."

தங்கை, அக்காவின் சொந்த முகத்தோடிருந்த போன் வீடியோவை எடுத்துச் செய்தியோடு இணைத்தாள். அனுப்பும் பொத்தான்மேல் விரல் நின்றதே தவிர, அழுத்த வரவில்லை. அக்கா அந்த விரலை நகர்த்திவிட்டுத் தானே அழுத்தினாள்.